வெந்துச்சா தாயி?

"'வாங்கக்கா'ன்னு வாய் நிறையக் கூப்பிட்டுட்டுத் தராசுல அம்பது கிராம் குறைச்சா, அக்கா மறுபடி வருவாங்களா? ஆளைக் கட்டிப் போடுறது எடைதாங்க, சிரிப்பு இல்லை!"
— எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர்

நடுவர் அவர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

நண்பருக்கு நல்ல கைதட்டு விழுந்துச்சு. நானும் தட்டினேன். ஆனா கடைக்கு வந்தவங்களை வாடிக்கை ஆக்குறது வரவேற்புதான்னு பேசறது எங்க அணி. இப்ப எங்க தெரு அண்ணாச்சி கடைக்குக் கொஞ்சம் வாங்க.

மதுரைக்கு நாங்க வாடகை வீட்டுக்குக் குடிவந்த புதுசு. எங்கம்மா பையைத் தூக்கிக்கிட்டு மளிகைக் கடைக்குப் போறாங்க. நாலு பேர் நிக்கிறாங்க. அண்ணாச்சி யாருக்கோ சீனி நிறுத்துக்கிட்டிருக்கார். கை தராசுல, கண்ணு எங்கம்மா மேல. "வாங்க தாயி, இந்தா ஆச்சு." அவ்வளவுதான். என்ன வேணும்னுகூடக் கேக்கலை. புதுசா வர்ற ஆளுக்கு நாம நிக்கிறது தெரியுதான்னு ஒரு சந்தேகம் இருக்கும். அது தீரலைன்னா கால் தானா அடுத்த கடைக்கு நகரும். அந்த ரெண்டு வார்த்தையில எங்கம்மா கால் நகரலை.

கால் கிலோ துவரம் பருப்பு வாங்கிட்டு வந்தாங்க. மூணு நாள் கழிச்சுப் புளி வாங்கப் போனாங்க. ஊர் கேக்கலை, பேர் கேக்கலை. அண்ணாச்சி கேட்டது ஒண்ணே ஒண்ணு: "பருப்பு வெந்துச்சா தாயி?"

எங்கம்மா பொரிஞ்சு தள்ளிட்டாங்க. "எங்க வெந்துச்சு? நாலு விசில் விட்டும் கல்லு மாதிரி கிடக்கு!" அண்ணாச்சி மறுப்பே சொல்லலை. "மிச்சத்தைக் கொண்டாங்க, வேற மூட்டையில தாரேன்"னார். தந்தார், கறிவேப்பிலையும் கொசுறா வச்சு.

நண்பரே, இங்கதான் உங்க தராசுக்குப் பதில் இருக்கு. பருப்பு வேகலைன்னா பழகாத ஆள் சண்டைக்கு வரமாட்டாங்க. பேசாம வேற கடைக்குப் போயிடுவாங்க. கடைக்காரருக்கு மூட்டை மோசம்னும் தெரியாது, ஆள் போனதும் தெரியாது. "வெந்துச்சா"ன்னு கேட்டதாலதான் குறை கடைக்குள்ள வந்துச்சு. எடை குறைஞ்சாலும் அப்படித்தான். கேக்குற கடையிலதான் "அண்ணாச்சி, எடை இடிக்குதே"ன்னு வாய் வரும்.

இதைப் பார்த்துக்கிட்டே நின்னார் அண்ணாச்சியோட அக்கா மகன். தொழில் பழக வந்த பையன். ஆகா, ரகசியம் பிடிபட்டுடுச்சு! மறுநாள் மாமா சாப்பிடப் போனதும் கல்லாவுல உக்காந்தார். வர்றவங்க எல்லார்கிட்டயும் "வெந்துச்சாக்கா?" நேத்துத் துணி சோப்பு வாங்கின அக்காகிட்டயும், "வெந்துச்சாக்கா?" அந்தக்கா, "எது தம்பி, சோப்பா?"ன்னாங்க.

சிரிங்க, ஆனா பையன் பாதி சரி. கேக்கணும்னு தெரிஞ்சுது. யார் எதை வாங்கினாங்கன்னு மனசுல வச்சுக் கேக்கணும்ங்கறது பிடிபடலை.

அடுத்த வாரம் அதைவிடப் பெரிய தப்பு. மாசக் கடைசியில ஒருத்தங்க அரைக் கிலோ அரிசி கேட்டிருக்காங்க. பையன் பாசமாத்தான், கடை நிறைய ஆள் இருக்கையில சத்தமா, "என்னக்கா, எப்பவும் அஞ்சு கிலோ வாங்குவீங்களே?"ன்னுட்டார். அந்தக்கா அப்புறம் வரவே இல்லை. அண்ணாச்சி பையனைக் கூப்பிட்டுச் சொன்னார்: "சாமானைப் பத்திக் கேளு. அவுக வீட்டைப் பத்திக் கேக்காத."

எதிரணி அம்மா ஒருத்தர், மீதிச் சில்லறைக்கு மிட்டாயை நீட்டுற கடைக்காரரைப் பத்தி வருத்தப்பட்டாங்க. வருத்தம் நியாயம்தாம்மா. ஆனா அது வரவேற்பு இல்லை, சில்லறை வழக்கு. பெரிய கடையில எண்ணெய் விலை குறையுதேன்னும் கேட்டாங்க. குறையுது. அதுக்கு என்கிட்ட பதில் இல்லை. எங்க வீட்டுலயும் எண்ணெய் அங்கதான் வாங்குறோம்.

ஆனா பருப்பு அண்ணாச்சிகிட்ட. ஆறேழு மாசத்துல எங்கம்மா "இந்தப் பருப்பு குடுங்க"ன்னு சொல்றதை விட்டுட்டு, "இன்னைக்கு எது நல்லாருக்கு அண்ணாச்சி?"ன்னு கேக்க ஆரம்பிச்சாங்க. என்னைக்கு அந்தக் கேள்வி வருதோ, அன்னைக்கு வந்தவங்க வாடிக்கை ஆயிட்டாங்க.

2016 நவம்பர் 8 ராத்திரி 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாதுன்னு அறிவிச்சாங்களே, மறுநாள் காலையில எங்கம்மா கையில வேற நோட்டு இல்லை. வாசல்ல தயங்கி நின்னாங்க. "வாங்க தாயி, பருப்பு தீர்ந்திருக்குமே"ன்னார். பணத்தைப் பத்திப் பேச்சே எடுக்கலை. நோட்டுப் புத்தகத்துல எழுதிக்கிட்டார்.

நடுவர் அவர்களே, எங்கம்மா போயிட்டாங்க. காரியத்துக்குச் சாமான் வாங்க நான்தான் போனேன். அண்ணாச்சி "வாங்க தம்பி"ன்னு சொல்லலை. துக்கத்துக்கு வாங்க வர்றவங்களை அவர் "வாங்க"ன்னு கூப்பிடறதில்லை. கல்லாவை விட்டு எழுந்து நின்னார். சாமானைக் கட்டினார். கிளம்பும்போதும் "போயிட்டு வாங்க" இல்லை. என் கையைப் பிடிச்சார், விட்டார்.

ஒரு மாசம் கழிச்சுப் போனேன். "வாங்க தம்பி"ன்னார். துவரம் பருப்பு கேட்டேன். எந்தப் பருப்புன்னு எனக்குச் சொல்லத் தெரியலை. அவரே ஒரு மூட்டையில கைவிட்டு அள்ளி, நிறுத்து, பொட்டலத்தை என் கையில வச்சுட்டுச் சொன்னார்:

"அம்மா வாங்குற பருப்பு, தம்பி. ரெண்டு விசில் போதும்."