கோடு போட்டது யார்? சுழியத் தீர்க்கரேகையும் நம் கடிகாரமும்

வந்திருக்கும் எல்லோருக்கும் வணக்கம். சென்னையில் சூரியன் உச்சிக்கு வரும்போது நம் கடிகாரம் ஏன் சரியாகப் பன்னிரண்டு காட்டுவதில்லை? இந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனால், 1884 அக்டோபரில் வாஷிங்டனில் நடந்த ஒரு கூட்டத்தில் போய் நிற்போம். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

அட்சரேகைக்கு இந்தத் தகராறு கிடையாது. பூமி சுழல்கிறது, அதற்கு இரண்டு துருவங்கள் இருக்கின்றன, நடுவே பூமத்தியரேகை தானாகவே அமைந்துவிடுகிறது. தீர்க்கரேகையில் எந்தக் கோட்டை வேண்டுமானாலும் சுழியம் என்று வைத்துக்கொள்ளலாம். அதனால் பிரெஞ்சுக்காரர்கள் பாரிசிலிருந்து அளந்தார்கள், ஆங்கிலேயர்கள் கிரீன்விச்சிலிருந்து அளந்தார்கள், வேறு சிலர் கானரித் தீவுகளில் உள்ள ஃபெரோவிலிருந்து அளந்தார்கள். ஒரு கப்பலின் வரைபடத்தில் இருக்கும் எண்ணை இன்னொரு கப்பலின் வரைபடத்தில் அப்படியே வைத்துப் பார்த்தால், கப்பல் வேறெங்கோ இருப்பதாகத் தெரியும்.

எல்லோருக்கும் பொதுவான ஒரு சுழியக் கோட்டைத் தேர்ந்தெடுக்க, அமெரிக்க அரசு அழைத்ததன் பேரில் 25 நாடுகளின் பிரதிநிதிகள் வாஷிங்டனில் கூடினார்கள். பிரெஞ்சு வானியலாளர் ழான்சன் ஒரு நியாயமான வாதத்தை வைத்தார். தேர்ந்தெடுக்கும் கோடு எந்த நாட்டுக்கும் சொந்தமாக இருக்கக் கூடாது, நடுநிலையான இடத்தில் போகட்டும், கடலில் போனாலும் சரி என்றார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கோட்டை வரைந்தால் மட்டும் போதாது. நட்சத்திரங்கள் அந்தக் கோட்டைக் கடக்கும் நொடியை ஒவ்வோர் இரவும் அளக்க ஒரு வானாய்வகம் வேண்டும், மற்ற ஆய்வகங்களோடு நேரத்தை ஒப்பிட அதற்குத் தந்திக் கம்பியும் வேண்டும். நடுக்கடலில் இதையெல்லாம் எங்கே வைப்பது? நடுநிலைத் தீர்மானம் தோற்றது. அதை ஆதரித்தவை பிரான்ஸ், பிரேசில், இன்று டொமினிக்கன் குடியரசு எனப்படும் சான் டொமிங்கோ மட்டுமே.

கிரீன்விச்சை வெல்ல வைத்தது பெரும்பாலும் கணக்குத்தான். கனடாவின் ரயில்வே பொறியாளர் சாண்ட்ஃபோர்ட் ஃபிளெமிங் பிரிட்டன் தரப்புப் பிரதிநிதியாக வந்திருந்தார். உலகக் கப்பல்களின் மொத்தச் சரக்குக் கொள்ளளவில் 72 சதவீதம் ஏற்கெனவே கிரீன்விச் கணக்கில்தான் ஓடுகிறது என்று அவர் பட்டியல் காட்டினார். 1767 முதல் வந்துகொண்டிருந்த, மாலுமிகளுக்கான ஆங்கிலப் பஞ்சாங்கமான நாட்டிகல் அல்மனாக்கின் அட்டவணைகள் எல்லாம் கிரீன்விச் நேரத்தில் இருந்ததால் வந்த பழக்கம் இது. அமெரிக்க ரயில்வேக்களும் முந்தைய ஆண்டு நவம்பரிலேயே கிரீன்விச்சிலிருந்து எண்ணிய மணிநேரங்களுக்கு மாறியிருந்தன. கிரீன்விச்சை விட்டுவிட்டால் மாற வேண்டியவர்கள் ஏராளம், ஏற்றுக்கொண்டால் மாற வேண்டியவர்கள் கொஞ்சம். அக்டோபர் 13 அன்று வாக்கெடுப்பு நடந்தது. ஆதரவு 22, எதிர்ப்பு ஒன்றே ஒன்று, அது சான் டொமிங்கோ. பிரான்சும் பிரேசிலும் வாக்களிக்கவில்லை.

பிரான்சின் வருத்தம் லேசில் தீரவில்லை. 1911-இல்தான் அவர்கள் சட்டம் போட்டு நேரத்தை மாற்றினார்கள். அந்தச் சட்டம் என்ன சொல்கிறது தெரியுமா? பிரான்சின் நேரம் என்பது பாரிஸ் சராசரி நேரத்திலிருந்து 9 நிமிடம் 21 விநாடி குறைவு என்கிறது. கணக்குப் போட்டால் அது கிரீன்விச் நேரமேதான். அந்தப் பெயரை மட்டும் எங்கும் எழுதவில்லை. எனக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும்.

கிரீன்விச்சில் அந்தக் கோடு என்பது ஜார்ஜ் ஏரி என்ற ஆங்கில வானியலாளர் நிறுவிய தொலைநோக்கியின் நடு அச்சு. இன்று அங்கே தரையில் பதித்த கோட்டின்மேல் நின்று செல்பேசியைப் பார்த்தால் சுழியம் காட்டாது. கிழக்கே சுமார் 102 மீட்டர் நடக்க வேண்டும். ஜார்ஜ் ஏரி தப்பாக அளக்கவில்லை. அவருடைய கருவி அந்த இடத்துப் புவியீர்ப்பை வைத்துச் செங்குத்தை முடிவு செய்தது. பூமிக்குள் பாறையின் அடர்த்தி எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இல்லாததால் அந்தச் செங்குத்து மிகச் சிறிதளவு சாய்ந்திருக்கிறது. செயற்கைக்கோள்களோ பூமியின் மையத்தை வைத்துக் கணக்கிடுகின்றன.

இங்கே பலருக்கும் ஒரு தவறான எண்ணம் உண்டு. உலகத்தை 24 நேர மண்டலமாகப் பிரித்ததும் வாஷிங்டன் மாநாடுதான் என்று நினைக்கிறோம். இல்லை. மாநாடு சுழியக் கோட்டையும், உலகப் பொதுநாள் எப்போது தொடங்கும் என்பதையும் முடிவு செய்தது. எந்த நாடு எந்த நேரத்தை வைத்துக்கொள்வது என்பதை அந்தந்த நாட்டுக்கே விட்டுவிட்டது. அதனால்தான் இன்றைய மண்டல எல்லைகள் இப்படிக் கோணல்மாணலாக இருக்கின்றன.

சரி, ஒரு நாடு தன் கோட்டை எப்படித் தேர்ந்தெடுக்கும்? பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுற்றுகிறது. அதாவது ஒரு மணிக்கு 15 பாகை, ஒரு பாகைக்கு 4 நிமிடம். 15-இன் மடங்கில் ஒரு கோட்டை எடுத்தால் கிரீன்விச்சோடு முழு மணி வித்தியாசம் வரும், நிமிட முள்ளைத் தொட வேண்டியதில்லை. ஏழரைப் பாகையில் எடுத்தால் அரை மணி வரும்.

இந்தியாவில் முதலில் ரயில்களுக்குப் பொதுவாக இருந்தது மெட்ராஸ் நேரம். இங்கே 1792-இல் அமைந்த வானாய்வகத்திலிருந்து அந்த நேரம் வந்தது. அது கிரீன்விச்சைவிட ஏறக்குறைய 5 மணி 21 நிமிடம் முன்னால். உள்ளூருக்கு நல்ல நேரம், வெளியுலகத்தோடு ஒப்பிடும்போது அந்த 21 நிமிடம் தொல்லை. நாடு கிழக்கு மேற்காக ஏறத்தாழ 68 பாகையிலிருந்து 97 பாகை வரை விரிந்திருக்கிறது, அதன் நடு 82½-ஐ ஒட்டியே வருகிறது. அதை 15-ஆல் வகுத்தால் ஐந்தரை. நடுவிலும் இருக்கிறது, அரை மணியிலும் பொருந்துகிறது. மிர்சாபூர் பக்கம் போய், காக்கிநாடாவுக்கு அருகே கடலில் இறங்கும் அந்தக் கோட்டின் நேரம் 1906 ஜனவரி 1 முதல் வந்தது. கல்கத்தாவும் பம்பாயும் இன்னும் பல ஆண்டுகள் தங்கள் நேரத்தை விடவில்லை.

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். சென்னை 80¼ பாகையில் இருக்கிறது. 82½-லிருந்து இரண்டேகால் பாகை மேற்கே. நாலால் பெருக்கினால் 9 நிமிடம். ஆக, சராசரியாக நமக்கு உச்சிப்பொழுது 12.09. சராசரி என்று ஏன் சொல்கிறேன்? பூமியின் பாதை முழு வட்டமில்லை, அதன் அச்சும் சாய்ந்திருக்கிறது. அதனால் சூரியன் ஆண்டு முழுவதும் ஒரே சீராக வருவதில்லை. பிப்ரவரி நடுவில் சுமார் 14 நிமிடம் தாமதிக்கும், அப்போது நம் உச்சி 12.23. நவம்பர் தொடக்கத்தில் 16 நிமிடம் முந்தும், அப்போது 11.53. மொட்டைமாடியில் ஒரு குச்சியைச் செங்குத்தாக நட்டு, நிழல் மிகக் குட்டையாகும் நேரத்தைக் குறித்தால் நீங்களே பார்த்துவிடலாம்.

சென்னைக்கு 9 நிமிடம் பெரிய விஷயமில்லை. அருணாசலப் பிரதேசத்தின் கிழக்கு ஓரம் 97 பாகை. அங்கே கணக்குப்படி உச்சி 11.02-க்கே வந்துவிடும். மேற்கே துவாரகையில் 12.54. அசாம் தேயிலைத் தோட்டங்கள் இதற்காகவே ஒரு மணி முன்னால் ஓடும் தோட்ட நேரம் ஒன்றை வைத்திருக்கின்றன. இரண்டு மண்டலம் வைத்தால் என்ன என்று அவ்வப்போது பேச்சு எழும். ஒற்றைத் தடத்தில் எதிரெதிரே ரயில் ஓடும் எல்லையில் இரண்டு கடிகாரம் என்றால் எனக்குக் கொஞ்சம் பயம்தான்.

கோட்டைத் தொலைவில் வைத்தால் என்ன ஆகும் என்பதை நம் பக்கத்திலேயே பார்த்தார்கள். இலங்கையும் ஐந்தரை மணியில்தான் இருந்தது. 1996-இல் மின்தட்டுப்பாட்டைச் சமாளிக்க அங்கே கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளினார்கள். ஆறரை மணி என்றால் அதன் கோடு 97½ பாகை, மியான்மருக்குள் போகிறது. ஏறத்தாழ 80 பாகையில் இருக்கும் கொழும்பில் உச்சிப்பொழுது பகல் ஒரு மணி பத்து நிமிடத்துக்குப் போனது. காலையில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருட்டில் கிளம்ப வேண்டியதாயிற்று. அந்த ஆண்டே அரை மணி குறைத்து ஆறு மணிக்கு வந்தார்கள். 2006 ஏப்ரலில் பழைய ஐந்தரைக்கே திரும்பினார்கள்.