மேடையும் பழக்கமே

(இசையாசிரியர்கள், பெற்றோர், மாணவர்கள் கூடிய ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

தலைமை ஏற்றிருக்கும் பேரூராட்சித் தலைவர் அவர்களே, ஆண்டுதோறும் வாடகை வாங்காமல் இந்த மண்டபத்தை நமக்குத் தரும் உரிமையாளர் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் நாதசுர வித்துவான் ஐயா அவர்களே, முன்வரிசையில் இருக்கும் ஓய்வுபெற்ற பாட்டு டீச்சர் அம்மா அவர்களே (இந்த ஊரில் பாடுகிறவர்களில் பாதிப் பேர் அம்மாவிடம் சரளி வரிசை படித்தவர்கள், அவர்களுக்கு இன்னொரு முறை வணக்கம்), பெற்றோரே, மாணவச் செல்வங்களே!

மேடை நடுக்கம் பற்றி நான்கு செய்திகள் சொல்ல வந்திருக்கிறேன். அது ஏன் வருகிறது, மாத்திரை உதவுமா, எப்படிப் பழக்குவது, பெற்றோர் எதைச் செய்யக் கூடாது. ‘சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம்.’ நான் எந்த மேடையிலும் சொல்லும் பழமொழிதான். இன்றைக்கு என் பேச்சின் ஆணிவேரும் அதுவே.

பாப்லோ கசால்ஸ் என்று ஸ்பெயின் நாட்டுச் செல்லோ மேதை ஒருவர் இருந்தார். 1901இல் அமெரிக்காவில் கச்சேரிப் பயணம். அப்போது அவருக்கு வயது 24. சான்பிரான்சிஸ்கோவுக்குப் பக்கத்தில் டமால்பைஸ் என்ற மலை. நண்பர்களோடு ஏறினார். இறங்கும்போது மேலேயிருந்து ஒரு பாறை உருண்டு வந்தது. தலையை விலக்கிக்கொண்டார், பாறை கையில் விழுந்தது. எந்தக் கை? இடது கை! தந்தியை அழுத்தி ஸ்வரம் பிடிக்கிற கை. விரல்கள் நசுங்கிவிட்டன. ஐயோ, என் பிழைப்பு போயிற்றே என்று அவர் கதறியிருக்க வேண்டும் அல்லவா? அவர் மனத்தில் முதலில் எழுந்த எண்ணம் என்ன தெரியுமா? ‘கடவுளுக்கு நன்றி, இனி செல்லோ வாசிக்க வேண்டியதில்லை!’ இதை அவரே பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். மேடை என்றால் அவருக்கு அவ்வளவு அச்சம். கை குணமாயிற்று. 90 வயதைத் தாண்டியும் வாசித்தார். அச்சமும் கூடவே இருந்தது. ஆகவே பிள்ளைகளே, நடுக்கம் வருவது ஞானம் குறைந்ததற்கு அடையாளம் அல்ல.

ஏன் வருகிறது? நாலு பேர் எடைபோடுகிறார்கள் என்று மனம் நினைத்த உடனே, ஆபத்து வந்ததாக உடல் எடுத்துக்கொள்கிறது. அட்ரினலின் சுரக்கிறது. வாய் உலர்கிறது, விரல் சில்லிடுகிறது, மூச்சு மேலேறி நிற்கிறது. சங்கதியின் நடுவில் மூச்சு வாங்குவதும், காலப்பிரமாணம் தானாக ஓடுவதும் இதனால்தான். புரோப்ரானலால் வகை மாத்திரை படபடப்பையும் கைநடுக்கத்தையும் குறைக்கும். உள்ளே இருக்கும் பயத்தைத் தீர்க்காது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆபத்தானது. மருத்துவர் சொல்லாமல் மாணவர்கள் தொடவே கூடாது. மாத்திரையைப் பற்றி இவ்வளவு போதும்.

ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். வீட்டில் வர்ணத்தை இரண்டு காலத்திலும் பிசகாமல் பாடுகிறாள். மேடையில் சரணம் வரை வந்து, இரண்டாவது எத்துக்கடை ஸ்வரத்தில் நின்றுவிடுகிறாள். மறுபடி பல்லவியிலிருந்து தொடங்கினால்தான் வருகிறது. அவள் பாடம் சங்கிலியாக மட்டுமே மனத்தில் இருக்கிறது. ஒரு கண்ணி அறுந்தால் பிடித்துக்கொள்ள இடமில்லை. ரோஜர் சாஃபின் என்ற உளவியலாளர், ஒரு பியானோ கலைஞர் பாக் என்ற மேற்கத்திய இசை மேதையின் படைப்பொன்றை மனப்பாடம் செய்த விதத்தைத் தொடர்ந்து ஆராய்ந்தார். தேர்ந்த கலைஞர் பாட்டுக்குள் அடையாள இடங்கள் வைத்திருக்கிறார், எந்த இடத்திலிருந்தும் தொடங்க முடிகிறது என்று கண்டார். ஆகவே ஆசிரியர் ‘மூன்றாவது ஸ்வரம்’ என்றால் மூன்றாவது, ‘முக்தாயி ஸ்வரம்’ என்றால் அது, சட்டென்று எடுக்கப் பழக்குங்கள். எங்கே தடுமாறுகிறாளோ அங்கேதான் மேடையிலும் நிற்பாள்.

அடுத்தது படிப்படியாகக் கேட்பவர்களைக் கூட்டுவது. முதலில் போனில் பதிவு, பிறகு ஒரு தோழி, பிறகு மூன்று பேர், பிறகு வகுப்பு முழுவதும். ஒவ்வொரு முறையும் பயத்துக்குப் பூஜ்யம் முதல் பத்து வரை அவளே மதிப்பெண் போடட்டும். எட்டு என்பது நான்காகக் குறையும்வரை அதே படியில் நிற்கட்டும். பாதியில் எழுந்து போக மட்டும் விடாதீர்கள். எழுந்ததும் கிடைக்கிற நிம்மதி, அடுத்த முறையும் ஓடச் சொல்லும்.

ஏறுவதற்கு முன் ‘பயப்படாதே, அமைதியாக இரு’ என்கிறோம். துடிக்கிற நெஞ்சை ஒரு நொடியில் அடக்க முடியாது. 2014இல் வெளியான ஹார்வர்டு ஆய்வில், ‘உற்சாகமாக இருக்கிறேன்’ என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டுப் பாடியவர்கள், ‘பதற்றமாக இருக்கிறேன்’ என்று சொன்னவர்களைவிடச் சுருதியும் தாளமும் சரியாகப் பாடினார்கள். நெஞ்சுத் துடிப்பு இரண்டு பேருக்குமே இருந்தது.

சித்திரமும் கைப்பழக்கம்! கைக்குத் தினமும் பழக்கம் தருகிறோம், மேடைக்கு ஆண்டுக்கு ஒருமுறை, அதுவும் ஆண்டு விழாவில், மாலையும் மைக்கும் மார்க்குமாக. இது நியாயமா? மாதம் ஒரு சிறு மேடை வேண்டும் என்று எல்லாக் கூட்டத்திலும் கேட்டு வருகிறேன். பத்துப் பேர் கேட்டால் போதும். நடுவர் வேண்டாம், பரிசு வேண்டாம், தவறினால் நின்ற இடத்திலிருந்தே எடுக்கட்டும். பெற்றோருக்கான நான்காவது செய்திக்கு நேரமில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கோரிக்கை எனக்கு அதைவிட அவசரம்.

தலைவர் அவர்களே, நூலகத்து மாடி அறை ஞாயிற்றுக்கிழமைகளில் பூட்டித்தான் கிடக்கிறது. மாதத்தின் முதல் ஞாயிறு காலை பத்து மணிக்கு அதைத் திறந்துவிட உத்தரவிடுங்கள். ஜமுக்காளமும் சுருதிப் பெட்டியும் நாங்கள் கொண்டுவருகிறோம்.