திரும்ப ஆங்கிலமாக்கிப் பார்த்தால் போதுமா?

"ஐயா, பதற்றத்தைக் கண்டறியும் ஜிஏடி-7 கேள்வித்தாளைத் தமிழாக்கி, வேறொருவரிடம் கொடுத்துத் திரும்ப ஆங்கிலமாக்கினோம். மூலத்தோடு அப்படியே ஒத்துப்போகிறது. சிங்கப்பூரில் கட்டுமான வேலை பார்க்கும் நம் தொழிலாளர்களிடம் இனி கொடுக்கலாமா?"

இப்போதைக்கு வேண்டாம். இதைப் படித்ததிலிருந்து எனக்குப் பழைய ஞாபகம்தான். ஏனென்றால் இதே இடத்தில்தான் நானும் சறுக்கினேன்.

புதிதாகப் பார்ப்பவர்களுக்காக: இந்தத் தாளில் ஏழு கேள்விகள். கடந்த இரண்டு வாரத்தில் ஒவ்வொரு தொல்லையும் எத்தனை நாள் இருந்தது என்று கேட்டு, 0 முதல் 3 வரை மதிப்பெண் போடுவார்கள். மொத்தம் 21. பத்தைத் தொட்டால் மேற்கொண்டு விசாரிக்க வேண்டும். இது சல்லடைதான், நோயை உறுதி செய்யும் கருவி அல்ல. வழக்கமாகப் பார்ப்பவர்களுக்கு இது அலுத்திருக்கும்.

அதில் நான்காவது கேள்வியை நாங்கள் "ஓய்வெடுக்கச் சிரமம்" என்று எழுதியிருந்தோம். திரும்ப ஆங்கிலமாக்கியவர் மூலத்தில் இருந்த அதே சொற்களையே எழுதினார். எங்களுக்கு ஒரே சந்தோஷம். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தேக்கா பக்கம் புதுக்கோட்டைத் தம்பி ஒருவரிடம் தாளைக் கொடுத்தேன். அந்தக் கேள்விக்கு "ஏறக்குறைய தினமும்" என்று குறித்தார், அதாவது 3. ஏன் என்று கேட்டேன். "அண்ணே, ஓவர்டைம் முடிஞ்சு ரூமுக்கு வந்து, சமைச்சு, துணி துவைச்சுப் படுக்கவே பன்னிரண்டு மணி ஆகுது. விடியறதுக்குள்ள லாரி வந்துடும். ஓய்வு எங்கே இருக்கு?" அடுத்த கேள்வி, ஓரிடத்தில் உட்கார முடியாத அளவுக்கு அமைதியின்மை. "சைட்ல யார்ண்ணே உட்கார விடுறா?" அதற்கும் 3. ஆக, பதற்றம் என்ற பேச்சே எழாமல் ஆறு மதிப்பெண். நாங்கள் அளந்தது அவருடைய வேலை நேரத்தை.

நான்காவதை "வேலை முடிந்து படுத்த பிறகும் உடம்பும் மனசும் தளராமல் இறுக்கமாக இருந்ததா?" என்று மாற்றினோம். "படுத்தா கட்டைதான்" என்று சிரித்தார். மதிப்பெண் 0. ஐந்தாவதற்கு "இருப்புக்கொள்ளாமல் தவித்தீர்களா?" என்று கேட்டோம். அந்தச் சொல் அவருக்கு உடனே பிடிபட்டது. வேடிக்கை என்னவென்றால், இதைத் திரும்ப ஆங்கிலமாக்கினால் முந்தையதைவிட மூலத்திலிருந்து விலகித்தான் தெரியும். திரும்ப மொழிபெயர்ப்பவர் நன்றாக ஆங்கிலம் படித்தவர். நம் தமிழ் கோணலாக இருந்தாலும் மனதுக்குள்ளேயே நிமிர்த்திவிடுவார். ஆகவே தாளை நிரப்பப்போகிறவரிடமே "இந்தக் கேள்வி என்ன கேட்கிறது? ஏன் இந்தப் பதில்?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டாக வேண்டும்.

"கவலை" என்ற சொல்லையும் பாருங்கள். நமக்குத் துக்கமும் கவலைதான், நாளைக்கு என்ன ஆகுமோ என்பதும் கவலைதான். ஊரில் அப்பா இறந்தும் ஊருக்குப் போக முடியாமல் தவிப்பவர் "கவலை அதிகம்" என்பார். அது பதற்றக் கணக்கில் ஏறிவிடும். இலங்கைத் தமிழரிடம் "யோசிக்கிறது" என்றாலே கவலைப்படுவதுதான்; தஞ்சாவூர்க்காரருக்கு அது வெறும் சிந்தனை. ஒரே தாள் இருவருக்கும் பொருந்துமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கிரான்பாக் ஆல்ஃபா 0.9 வந்துவிட்டது என்று சிலர் நிறுத்திவிடுவார்கள். கேள்விகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றன என்பதை மட்டும்தான் அது சொல்லும். எல்லாக் கேள்விகளும் சேர்ந்து துக்கத்தையே அளந்தாலும் எண் அழகாகத்தான் வரும்.

சரி, நீங்கள் கேட்டிருக்க வேண்டியது வேறொன்று: அந்தப் பத்து என்ற கோடு யாருக்காகப் போட்டது? 2006இல் அமெரிக்காவின் பொது மருத்துவ நிலையங்களுக்கு வந்தவர்களை வைத்துப் போட்டது. அங்கே பதற்ற நோய் உள்ளவர்களில் 89 சதவீதம் பேரை அந்தக் கோடு பிடித்தது. இல்லாதவர்களில் 82 சதவீதம் பேரைச் சரியாக விட்டது. ஒரு விடுதியில் நூறு பேர், அதில் பத்துப் பேருக்கு நோய் என்று வைத்துக்கொள்வோம். அதே கணக்குப்படி ஒன்பது பேர் சிக்குவார்கள், நோயில்லாத பதினாறு பேரும் கூடவே சிக்குவார்கள். ஓவர்டைமுக்கு ஆறு மதிப்பெண் கொடுக்கும் தாளாக இருந்தால் இன்னும் எத்தனை பேர்! நேர்மாறாகவும் நடக்கும். சூப்பர்வைசர் கையால் தாளை நீட்டினால், ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற பயத்தில் எல்லாவற்றுக்கும் "இல்லவே இல்லை" என்று எழுதிவிடுவார்கள். ஏஜெண்டுக்குக் கட்ட வாங்கிய கடன் தலைமேல் இருக்கிறதே.

அதனால் உங்களுக்கான கோடு எது என்று நீங்களே கண்டுபிடிக்க வேண்டும். தமிழ் பேசும் மனநல மருத்துவர் ஒருவர், தாளின் மதிப்பெண்ணைப் பார்க்காமல், தனியாக உட்கார்ந்து பேசி முடிவு சொல்லட்டும். எந்த மதிப்பெண்ணில் கோடு போட்டால் அவர் முடிவோடு நன்றாக ஒத்துப்போகிறது என்று பிறகு பாருங்கள். ஒரு விஷயம்: அதிக மதிப்பெண் வாங்கியவர்களை மட்டும் அவரிடம் அனுப்பாதீர்கள். 2, 3 வாங்கியவர்களையும் அனுப்புங்கள். தாள் யாரைத் தவறவிட்டது என்பது அவர்களிடம் பேசினால்தான் தெரியும்.