மூடியே இருந்த டிபன் பாக்ஸ்

நேயர்களுக்கு வணக்கம். செம்பூரானாலும் தாராவியானாலும், நம் பிள்ளைகள் படிக்கிற மும்பைப் பள்ளிகளில் குண்டாக இருந்தால் ‘மோட்டி’, கறுப்பாக இருந்தால் ‘காலியா’ என்று ஒரு பெயர் ஒட்டிக்கொள்ளும். “சும்மா பிரியமா கூப்பிடுறாங்க” என்பார்கள். சில சமயம் அது உண்மைதான். எப்போது உண்மை என்று கண்டுபிடிப்பது பள்ளி ஆலோசகரான என் வேலை.

ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி. மாலா என்று வைத்துக்கொள்வோம். வகுப்பே அவளை மோட்டி என்றது, அவளும் கூடவே சிரித்தாள். “அவளே ரசிக்கிறாள்” என்றார் ஆசிரியை. சிரிப்பை நான் கணக்கில் எடுப்பதில்லை. முகம் வாடினால் கேலி கூடும் என்று பிள்ளைகளுக்குத் தெரியும், அதனால் சிரித்து வைப்பார்கள். நான் கவனித்தது அவளுடைய டிபன் பாக்ஸை. இடைவேளை முடியும்வரை அது மூடியே இருந்தது. பி.டி. வகுப்பு உள்ள நாளில் மட்டும் வயிற்றுவலி வந்தது.

தனியாக உட்கார வைத்து, “உன்னை யார் அப்படிக் கூப்பிட்டால் பரவாயில்லை?” என்று கேட்டேன். பக்கத்து இருக்கைத் தோழியைச் சொன்னாள். “நானும் அவளை ஒட்டகச்சிவிங்கின்னு கூப்பிடுவேன் மிஸ்.” மற்றவர்கள்? “அவங்களுக்கு நான் பேர் வைக்க முடியாது.” ஒருமுறை வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாள். மறுநாள் அந்தப் பெயர் கரும்பலகையில் இருந்தது.

இதைத்தான் பார்க்க வேண்டும். பதிலுக்குப் பதில் சொல்ல முடிகிறதா, நிறுத்து என்றால் நிற்கிறதா? தோழியிடம் இரண்டும் இருந்தன, மற்றவர்களிடம் இரண்டும் இல்லை. ஒரே சொல்தான், ஆனால் தோழி சொன்னது பிரியம், அவர்கள் சொன்னது கொடுமை.

அப்புறம் என்ன செய்வது? எல்லோரையும் நிற்கவைத்து ‘சாரி’ சொல்ல வைக்காதீர்கள். வெளியே போனதும் ‘கோள்மூட்டி’ என்று இன்னொரு பெயர் சேரும். ஸ்வீடன் நாட்டு உளவியலாளர் அனடோல் பிகாஸ் காட்டிய வழி எனக்குப் பிடித்தது. பெயர் வைத்தவர்களை ஒவ்வொருவராக, குற்றம் சாட்டாமல் சந்திப்பது. மாலா சொன்னதைச் சொல்லாமல், நான் கண்ணால் பார்த்ததை மட்டும் சொன்னேன்: “மாலா சாப்பிடுவதே இல்லை, கவனித்தாயா?” ஒரு பையன் வெகுநேரம் பேசவில்லை. “நீ என்ன செய்யலாம்?” என்றதும், “மாலான்னே கூப்பிடறேன்” என்றான். ஒரு வாரம் கழித்து அவனை மறுபடி கூப்பிட்டு, சொன்னபடி செய்தாயா என்று கேட்டேன். அந்தக் கேள்வியை விட்டுவிட்டால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். அடி உதையோ, வாட்ஸ்அப்பில் படமோ இருந்தால் இந்த வழி போதாது. தலைமையாசிரியரிடம் உடனே போக வேண்டும். குழந்தைகளுக்கான 1098 உதவி எண்ணும் இருக்கிறது.

நேரம் முடிகிறது என்று சைகை காட்டுகிறார்கள். பெற்றோருக்கு ஒன்று மட்டும்: “எடையைக் குறை, கூப்பிட மாட்டாங்க” என்று சொல்லிவிடாதீர்கள். பிள்ளை சாப்பாட்டைத் தொடர்ந்து ஒதுக்கினால் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். வணக்கம்.