ஏடிபி தீர்ந்தா தசை ஏன் தளராம விறைக்குது?

கேள்வி: "சார், தசை சுருங்க ஏடிபி வேணும்னு சொன்னீங்க. அப்போ உயிர் போய் ஏடிபி தீர்ந்ததும் தசை தொய்ஞ்சு போகணும்தானே? ஏன் விறைக்குது?" (படிவம் 6 மாணவி, பட்டர்வொர்த்)

தசைக்குள்ள மயோசின், ஆக்டின்னு இரண்டு வகைப் புரத இழை இருக்கு. செல்லுக்குச் சக்தி தர்ற மூலக்கூறான ஏடிபி இல்லைன்னா மயோசின் தலையால ஆக்டினை விட முடியாது, அதனாலதான். ஏடிபி சக்தி குடுக்குதுன்னு எல்லாரும் எழுதிடுறாங்க. பிடியை விடுவிக்கிறதும் அதேதான்னு எழுத மறந்துடுறாங்க.

மெதுவாப் பார்ப்போம். மயோசின் தலை ஆக்டினைக் கெட்டியாப் பிடிச்சிருக்கு. புதுசா ஒரு ஏடிபி வந்து தலையில உட்காருது. உட்கார்ந்ததுமே பிடி விட்டுடுது. கவனிங்க, ஏடிபி இன்னும் உடையவே இல்லை. விட்டதுக்கு அப்புறம்தான் உடையுது, அந்தச் சக்தியில தலை பின்னால சாய்ஞ்சு, நாண் ஏத்தின வில்லு மாதிரி நிக்குது. ஆக்டின்ல இடம் கிடைச்சா ஒட்டிக்கும். ஒட்டினதும் பாஸ்பேட் வெளியே போகும், தலை மடங்கி ஆக்டினை இழுக்கும். அடுத்த ஏடிபி வர்ற வரைக்கும் அப்படியே பிடிச்சுக்கிட்டு நிக்கும்.

ஒரு தடவை இழுத்தா நகர்றது ஏறக்குறைய 10 நானோமீட்டர்தான். தசை நார்ல வரிசையா இருக்கிற சுருங்குற அலகுதான் சார்கோமியர். அது ஒண்ணு 2.4 மைக்ரோமீட்டர்ல இருந்து 2.0 ஆகுதுன்னு வச்சுக்குங்க. இரண்டு பக்கமும் ஆளுக்குப் பாதி, அதாவது ஒவ்வொரு பக்கமும் 200 நானோமீட்டர். பத்துப் பத்தா இழுத்தா இருபது இழுப்பு. கிணத்துக் கயிறை இழுக்கிற மாதிரி, ஒரு கை விட்டாத்தானே மேல போய்ப் பிடிக்க முடியும்? இதுல எந்த இழையும் குட்டையாகறது இல்லை, ஒண்ணுக்குள்ள ஒண்ணு சறுக்குது, அவ்வளவுதான். அதனால மயோசின் இழையோட நீளமான ஏ பட்டை அப்படியே இருக்கும், ஆக்டின் மட்டும் இருக்கிற ஐ பட்டையும் மயோசின் மட்டும் இருக்கிற எச் பகுதியும்தான் குறுகும். பரீட்சையில ஏ பட்டையும் குறுகுதுன்னு எழுதிடாதீங்க.

இப்போ கால்சியம். அது சக்தி குடுக்கிறது இல்லை, பூட்டைத் திறக்குது. சும்மா இருக்கிற தசையில ஆக்டின் மேல ட்ரோபோமயோசின்ங்கிற புரதம் படுத்து, தலை ஒட்டுற இடத்தை மறைச்சிருக்கு. நரம்புல இருந்து கட்டளை வந்ததும் தசைச் செல்லுக்குள்ள இருக்கிற உள்வலைப் பையில இருந்து கால்சியம் கொட்டும், ட்ரோபோனின்ங்கிற இன்னொரு புரதம் அதைப் பிடிச்சு வடிவம் மாறும், ட்ரோபோமயோசின் ஒதுங்கும். திரும்பப் பூட்டணும்னா கால்சியத்தைப் பைக்குள்ள ஏத்தணும். அதை ஏத்துற பம்பு இரண்டு கால்சியத்துக்கு ஒரு ஏடிபி செலவழிக்குது. ஆக, தளர்றதுக்கு ஏடிபி இரண்டு இடத்துல வேணும்: தலை விட, கால்சியம் திரும்ப.

இதைச் சோதனையிலேயே பார்க்கலாம். முயல் தசை நாரைக் கிளிசரின்ல நாள் கணக்கா ஊற வச்சா செல் சவ்வு அழிஞ்சு, ஏடிபியும் கால்சியமும் கழுவிப் போயிடும். இழைகள் மட்டும் மிஞ்சும். தொட்டா விறைப்பா, இழுத்தா நீளாம இருக்கும். ஏடிபியும் மெக்னீசியமும் கொஞ்சம் கால்சியமும் விட்டா சுருங்கும். கால்சியத்தைக் கவ்வி எடுத்துடுற மருந்தைப் போட்டுட்டு ஏடிபி விட்டீங்கன்னா, அதே நார் இளகி, இழுத்த இழுப்புக்கு நீளும். பாருங்க, தளர்ச்சி வந்தது ஏடிபி இருக்கும்போது. அது இல்லாத நார்தான் விறைச்சுக் கிடந்தது.

செத்த உடம்புலயும் இதே கதைதான். ரத்தம் நின்னதும் மிச்ச ஏடிபி கொஞ்சங் கொஞ்சமாத் தீருது. பம்பு ஓயுது, கால்சியம் கசியுது, பூட்டு திறக்குது, தலைகள் பிடிக்குது, விடறதுக்கு ஆளில்லை. மனுஷ உடம்புல இது சில மணி நேரத்துல தொடங்கும், நம்ம ஊர் வெக்கையில இன்னும் சீக்கிரம்.

பினாங்கு சௌராஸ்தா மார்க்கெட்ல வாங்கற கோழியில இதுக்கு ஒரு பலன் உண்டு. வெட்டின உடனே மார்புக் கறியை எலும்புல இருந்து பிரிச்சுட்டா, தாங்கிப் பிடிக்க எலும்பு இல்லாததால மிச்ச ஏடிபியிலயே தசை நல்லாச் சுருங்கி, அந்த நிலையிலயே விறைச்சுடும். சமைச்சா ரப்பர் மாதிரி இருக்கும். எலும்போடயே சில மணி நேரம் குளிர்ல வச்சுட்டுப் பிரிச்சா அவ்வளவு கடினமா இருக்காது.

அப்புறம் ஏன் விறைப்பு போகுதுன்னு கேப்பீங்க. தலைகள் விட்டதால இல்லை, ஏடிபி திரும்ப வர்றதே இல்லை. தசைக்குள்ள இருக்கிற புரதம் வெட்டுற நொதிகள் சார்கோமியரோட எல்லையான இசட் கோட்டுப் பக்கம் இழைகளைத் தாங்குற கட்டுகளை அறுத்துடுது. பிடி பிடிச்சபடியே இருக்கு, பிடிச்சிருந்த சட்டம்தான் உடையுது.