பெட்டி எத்தனை கிலோ என்பதல்ல, எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதே கேள்வி

நேயர்களுக்கு வணக்கம்.

கிடங்கில் வேலை செய்யும் ஒருவருக்குக் குறுக்கு பிடித்துக்கொண்டால் முதலில் வரும் பேச்சு என்ன தெரியுமா? "முழங்காலை மடக்கித் தூக்கணும்னு எத்தனை தடவை சொல்லியிருக்கோம், கேட்டாத்தானே!" சுவரில் படம் ஒட்டியாயிற்று, ஆண்டுக்கு ஒரு முறை வகுப்பும் நடத்தியாயிற்று. ஆகவே தப்பு தூக்கியவருடையதுதான் என்று கோப்பை மூடிவிடுகிறார்கள்.

இந்தப் பேச்சு எனக்கு ஒத்துவராது. தூக்கும் முறை பற்றிய பயிற்சி முதுகுவலியைத் தடுக்கிறதா என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் மதிப்பாய்வு, 2011இல் வந்தது. பயிற்சியும் அறிவுரையும் பெற்றவர்களுக்கு முதுகுவலி குறைந்ததாக அதில் தெரியவில்லை. இடுப்பில் இறுக்கிக் கட்டுகிற பெல்ட்டும் அப்படித்தான். ஆரோக்கியமான தொழிலாளிக்குக் காயத்தைத் தடுக்க அதைப் பரிந்துரைக்க முடியாது என்று அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நையோஷ் 1994லேயே சொல்லிவிட்டது.

ஏன் பயிற்சி எடுபடவில்லை? முழங்காலை மடக்கித் தூக்க வேண்டுமென்றால் பெட்டி இரண்டு முழங்காலுக்கும் நடுவே அடங்க வேண்டும். கிடங்கில் வரும் அட்டைப்பெட்டிகளில் பல அந்த அளவுக்குச் சிறியவை அல்ல. அகலமான பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தால் முழங்கால் குறுக்கே வந்து பெட்டியை இன்னும் தள்ளிவிடுகிறது. தவிர, ஒவ்வொரு முறையும் முழு உடம்பையும் இறக்கி ஏற்றுவதற்குத் தெம்பு அதிகம் வேண்டும். மணிக்கு நூறு பெட்டிக்கு மேல் தூக்குகிறவர் சிறிது நேரத்திலேயே இடுப்பை வளைத்து எடுக்கத் தொடங்கிவிடுவார். சோம்பலால் அல்ல, உடம்பு சிக்கனமாக இருக்கப் பார்க்கிறது.

அப்படியானால் முதுகை உண்மையில் நோகடிப்பது எது? சுமையின் எடை ஒரு பங்குதான். பெரிய பங்கு, அந்தச் சுமை உடம்பிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது. நம்மை நிமிர்த்தும் முதுகுத் தசைகள் முதுகெலும்பின் வட்டுகளுக்குப் பின்னால் சுமார் 5 சென்டிமீட்டர் தூரத்தில் இருந்து இழுக்கின்றன. சுமையோ முன்னால் 60 சென்டிமீட்டரில் தொங்குகிறது. 12 மடங்கு வித்தியாசம். 15 கிலோ பெட்டியைச் சமன் செய்ய மட்டுமே தசை ஏறக்குறைய 180 கிலோ அளவுக்கு இழுக்க வேண்டியிருக்கிறது. குனிந்திருக்கும் நம் மேலுடம்பின் பாரம் இதற்கு மேல் தனி. அதே பெட்டியை 30 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தால் 180 என்பது 90 ஆகிவிடும். பெட்டியின் எடை ஒரு கிராம்கூடக் குறையவில்லை. தசை இழுக்கும் அத்தனை விசையும் வட்டுகளை அழுத்துகிறது.

இதைக் கணக்காகவே போட்டுப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. நையோஷ் 1991இல் திருத்திய தூக்குதல் சமன்பாடு. எல்லாம் சாதகமாக இருக்கும்போது 23 கிலோ தூக்கலாம் என்று தொடங்குகிறது. பிறகு கை எவ்வளவு தள்ளி, எவ்வளவு தாழ்வில், எவ்வளவு உயரம் ஏற்றுகிறோம், உடம்பு எவ்வளவு திரும்புகிறது, பிடிமானம் எப்படி, நிமிடத்துக்கு எத்தனை முறை, எத்தனை மணி நேரம் என்று ஒவ்வொன்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வருகிறது. கடைசியில் நிற்பதுதான் அந்த இடத்தில், அந்த வேலைக்குப் பரிந்துரைக்கும் எடை.

ஒரு வேலையை எடுத்துக்கொள்வோம். பேலட் என்ற சரக்குத் தட்டில் அடுக்கி வந்த 15 கிலோ அட்டைப்பெட்டிகளை எடுத்து, 90 சென்டிமீட்டர் உயரமுள்ள கன்வேயரில் வைக்க வேண்டும். நிமிடத்துக்கு மூன்று பெட்டி, முழு ஷிஃப்டும். கடைசி அடுக்கில் எட்டிப் பிடிக்க வேண்டிய அந்தப் பக்கத்துப் பெட்டியைக் கவனியுங்கள். கை தரையிலிருந்து 15 சென்டிமீட்டரில் இருக்கிறது. கணுக்காலிலிருந்து 60 சென்டிமீட்டர் தள்ளி நீண்டிருக்கிறது. கன்வேயர் பக்கம் திரும்புவதற்கு உடம்பு 45 டிகிரி முறுக்கிக்கொள்கிறது. பெட்டியில் கைப்பிடி இல்லை, ஆனால் அடியில் விரலை மடக்கிப் பிடிக்கலாம்.

கணக்குப் போட்டால், பரிந்துரைக்கும் எடை 3.1 கிலோ. தூக்குவதோ 15. ஏறத்தாழ ஐந்து மடங்கு. இந்த விகிதம் 1க்குள் இருந்தால் பெரும்பாலானவர்களுக்குப் பரவாயில்லை. 3ஐத் தாண்டினால் பலருக்கும் காயம் வரும் ஆபத்து கூடிய வேலை என்று எடுத்துக்கொள்வது வழக்கம். "வெறும் 15 கிலோதானே சார்" என்று சூப்பர்வைசர் சொல்வது இந்தப் பெட்டியைப் பற்றித்தான். மேலடுக்கில், நெஞ்சுக்கு நேராக, கைக்கு எட்டும் பக்கத்தில் இருக்கும் அதே பெட்டி வேறு கதை. பெட்டியின் மேல் ஒட்டிய எடைச் சீட்டு இரண்டு இடத்திலும் ஒன்றையே சொல்லும்.

இப்போது பல நிறுவனங்கள் முதலில் கையிலெடுப்பது பணிச் சுழற்சி. ஆளை மாற்றிப் போடு, இரண்டு மணி நேரத்துக்கு மேல் யாரும் ஒரே இடத்தில் வேண்டாம் என்பது யோசனை. செலவில்லாதது, உடனே செய்யலாம். அந்த ஒன்றை மட்டும் மாற்றிக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 3.1 கிலோ 4.4 கிலோ ஆகிறது. விகிதம் இன்னும் 3க்கு மேலேதான். முன்பு இரண்டு பேருக்கு இருந்த ஆபத்தை எட்டுப் பேருக்குப் பகிர்ந்து கொடுத்ததுதான் மிச்சம்.

மாறாக, பெட்டியின் இடத்தை மாற்றுவோம். ஸ்பிரிங் வைத்த சுழல் மேடை என்று ஒன்று உண்டு. அதன்மேல் பேலட்டை வைத்தால் பாரத்தில் ஸ்பிரிங் அமுங்கி இறங்கும். பெட்டிகளை எடுக்க எடுக்க மெல்ல மேலே வரும். எடுக்க வேண்டிய அடுக்கு எப்போதும் இடுப்பு உயரத்திலேயே நிற்கும். மேல்தட்டு சுழலும் என்பதால் அந்தப் பக்கத்துப் பெட்டியைக் கையால் தள்ளிச் சுழற்றி முன்னால் கொண்டுவந்துவிடலாம். இதற்கு மின்சாரம்கூட வேண்டாம்.

கை உயரம் 75 சென்டிமீட்டர், தூரம் 30, முறுக்கம் இல்லை. அதே 15 கிலோ, அதே வேகம், அதே முழு ஷிஃப்ட். பரிந்துரைக்கும் எடை 3.1இலிருந்து 10.5 கிலோவுக்கு ஏறுகிறது. விகிதம் 5இலிருந்து 1.4. இப்போதுதான் பணிச் சுழற்சிக்கு வேலை வருகிறது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை ஆளை மாற்றினால் 15.1 கிலோ. விகிதம் 1க்குள் வந்துவிட்டது.

மேடை வாங்கும்போது ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிங்கை உங்கள் சரக்கின் எடைக்குத் தகுந்தபடி அமைக்க வேண்டும். கனமான பேலட்டுக்கு அமைத்ததில் லேசான பேலட்டை வைத்தால் அது இறங்கவே இறங்காது, மேலடுக்கு தலைக்கு மேல் நிற்கும். பெரும்பாலான மாதிரிகளில் பேலட்டை ஏற்ற ஃபோர்க்லிஃப்ட் வேண்டும், கையால் இழுக்கும் பேலட் டிரக் போதாது. மேடை வாங்க வழியில்லாத இடத்தில், காலி பேலட் இரண்டை அடியில் போட்டு உயர்த்துவதும், பேலட்டைச் சுவரோடு ஒட்டி வைக்காமல் சுற்றி நடக்க வழி விடுவதும் பாதி நன்மையைத் தந்துவிடும். அந்தப் பக்கத்துப் பெட்டிக்கு நடந்து போய் எடுக்கலாம் என்றால் 60 சென்டிமீட்டர் என்ற பேச்சே எழாது. தரையை ஒட்டிய ரேக்கில் கனமான சரக்கை வைக்காமல் இடுப்பு உயரத்துக்கு மாற்றுவதும் இந்த வகைதான்.

சுழற்சிக்குத் திரும்புவோம், ஏனென்றால் இதில்தான் அதிகம் கோட்டை விடுகிறார்கள். நான் சொன்ன 15.1 கிலோ சும்மா வரவில்லை. இரண்டு மணி நேரம் தூக்கியவருக்கு அதில் பத்தில் மூன்று பங்கு நேரம், அதாவது 36 நிமிடமாவது, லேசான வேலை தர வேண்டும் என்பது அந்தக் கணக்கின் நிபந்தனை. லேசான வேலை என்றால் ஸ்கேன் செய்வது, லேபிள் ஒட்டுவது, சரக்கு எண்ணுவது. பேலட் இறக்கும் இடத்திலிருந்து லாரி ஏற்றும் இடத்துக்கு அனுப்பினால் பலகையில் பெயர் மாறியிருக்கும், முதுகுக்கு எதுவும் மாறியிருக்காது. எனவே சுழற்சிப் பட்டியல் போடும்போது வேலையின் பெயருக்குப் பக்கத்தில் அது முதுகைப் பாடுபடுத்துமா, தோளையா, மணிக்கட்டையா என்று எழுதிவிடுங்கள். அடுத்தடுத்த கட்டங்களில் ஒரே உறுப்பு வந்தால் அந்த வரிசை செல்லாது. உங்கள் கிடங்கில் முதுகு, முதுகு, முதுகு என்றே வருகிறதென்றால், சுழற்ற அங்கே லேசான வேலையே இல்லை என்று பொருள். அப்போது பெட்டியின் இடத்தைத்தான் தொட வேண்டும்.

இந்தச் சமன்பாட்டுக்கும் எல்லை உண்டு. இரண்டு கையால் நின்றபடி தூக்குவதற்குத்தான் இது. தள்ளுவது, இழுப்பது, ஒற்றைக் கையால் எடுப்பது, வழுக்கும் தரை, இவற்றுக்குப் பொருந்தாது. பேலட் டிரக் தள்ளுகிறவரின் தோள்வலிக்கு இதில் விடை தேடாதீர்கள், முதலில் சக்கரத்தைப் பாருங்கள். சக்கரத்தில் பிளாஸ்டிக் கயிறு சுற்றிக்கொண்டிருப்பதையும், தேய்ந்து தட்டையானதையும் தள்ளுகிறவருக்கு முன்பே தெரியும். சொல்லிச் சொல்லி விட்டுவிட்டிருப்பார்.

கடைசியாகத் தூக்கு கருவிகள். வெற்றிடக் குழாய் வைத்து உறிஞ்சித் தூக்கும் கருவி 25, 30 கிலோ பெட்டிக்கு அருமையானது. ஆனால் மேல்பரப்பு சமமாகவும் காற்று எளிதில் புகாததாகவும் இருக்க வேண்டும். தூசி படிந்த அட்டை, கிழிந்த மூலை, மேலே குறுக்காக ஓடும் நாடா, எல்லாவற்றிலும் காற்று கசியும். வாங்கிய பிறகு அந்தக் கருவி ஓரமாகத் தொங்கிக்கொண்டே இருந்தால், கைப்பிடியைத் தொட்டுப் பாருங்கள். தூசி இருந்தால், பக்கத்தில் வேலை செய்கிறவரிடம் ஏன் என்று கேளுங்கள். "இதுல தூக்கினா கவுன்ட் வராது சார்" என்பார். அவர் சொல்வது சரி. கையால் எடுப்பதைவிடக் கருவியால் எடுக்கச் சில நொடி கூடுதல் ஆகிறது. மணிக்கு இத்தனை பெட்டி என்ற இலக்கைக் கருவி வருவதற்கு முன்பு வைத்தது, அதை யாரும் மாற்றவில்லை. கருவிக்கான கொள்முதல் ஆணையும் புதிய இலக்கும் ஒரே நாளில் கையெழுத்தாக வேண்டும். பிந்தையது இல்லாமல் முந்தையதை வாங்க வேண்டாம் என்பதே என்னைக் கேட்கும் மேலாளர்களுக்கு நான் சொல்வது.

நன்றி, வணக்கம்.