நாலு மணி அழைப்பு

வணக்கம் நேயர்களே. தருமபுரத்தில் கைத்தொலைபேசி திருத்துகிற சிறிய கடை ஒன்றை நடத்துகிறேன். காது கேட்காத ஒருவருக்கு அழைப்பு வருவதை வெளிச்சத்தாலும் அதிர்வாலும் எப்படித் தெரியப்படுத்துவது என்று பேச என்னை அழைத்திருக்கிறார்கள். ஒரு அம்மாவின் போனை முன்னால் வைத்துக்கொண்டு அதைச் சொல்கிறேன்.

விசுவமடுப் பக்கம் இருக்கிறவர். 2009இல் ஷெல் பக்கத்தில் விழுந்ததிலிருந்து இரண்டு காதும் மந்தம். ஒரே மகள் ரொறன்ரோவில். கடைக்கு வந்து போனை மேசையில் வைத்தார். "தம்பி, மகள் எடுக்கிறாளாம், எனக்குக் கேக்கேல்லை. போன் பழுதுபோல கிடக்கு, பாருங்கோ." நான் பார்த்தேன், போனில் ஒரு பழுதும் இல்லை. "என்னோட கதைக்கிறது உங்களுக்குக் கேக்குதுதானே அம்மா?" என்று கேட்டேன். "ஓம், கிட்ட நிண்டு கதைச்சால் கேக்கும்," என்றார்.

பேச்சு கேட்கும், மணி கேட்காது. இது பலருக்கும் விளங்குவதில்லை. வெடிச் சத்தம் உட்காதைத் தாக்கும்போது பெரும்பாலும் முதலில் போவது கீச்சென்ற உயர்ந்த சத்தங்களைக் கேட்கும் திறன்தான். போனின் ஒலிபெருக்கியோ விரல் நுனியளவுதான். அதனால் ஆழ்ந்த சத்தத்தை எழுப்ப முடியாது, உயர்ந்த சத்தம்தான் அதிலிருந்து நன்றாக வரும். ஆகவே காது இழந்த இடத்திலேயே போன் மணி அடிக்கிறது. சத்தத்தைக் கூட்டினால் பக்கத்து வீட்டுக்காரருக்குத்தான் கேட்கும்.

அந்த அம்மாவுக்கு முதலில் நான் செய்தது எல்லாரும் செய்வதுதான். அவருடையது சாம்சுங். Settings உள்ளே Accessibility, அதற்குள் Advanced settings, அதற்குள் Flash notification. அங்கே கமெரா பிளாஷையும் திரை வெளிச்சத்தையும் போட்டுவிட்டேன். மற்ற அன்ட்ரொயிட் போன்களில், 14ஆம் பதிப்பிலிருந்து, Accessibility உள்ளேயே Flash notifications இருக்கும். ஐபோனில் Accessibility உள்ளே Audio & Visual, அதற்குள் LED Flash for Alerts. கடையில் நின்று அழைத்துப் பார்த்தோம். பளிச் பளிச் என்று மின்னியது. அம்மா சிரித்துக்கொண்டு போனார்.

பத்து நாளில் திரும்பி வந்தார். "லைற் அடிக்குது தம்பி, ஆனா நான் காணேல்லை."

பிழை என்னுடையது. போன் எங்கே கிடக்கும், எத்தனை மணிக்கு மகள் எடுப்பாள் என்று நான் கேட்கவே இல்லை. வெளிச்சம் கண்ணில் பட வேண்டும், அதிர்வு உடம்பில் பட வேண்டும். இரண்டும் படாத இடத்தில் போன் கிடந்தால் எந்த செற்றிங்கும் உதவாது. அன்றைக்கு உட்கார வைத்து, காலையிலிருந்து இரவு வரை போன் எங்கெங்கே இருக்கும் என்று விசாரித்தேன். மகளுக்கு வேலை முடிவது பின்னேரம் ஆறரைக்கு. கோடை காலத்தில் அது இங்கே விடியப்புறம் நாலு மணி. அம்மா நித்திரை. போன் தலைமாட்டில், சீமெந்து நிலத்தில், திரை மேலே பார்க்கக் கிடக்கும்.

கமெரா பிளாஷ் போனின் முதுகுப் பக்கத்தில் இருக்கிறது. திரை மேலே பார்க்கக் கிடந்தால் அந்த வெளிச்சம் நிலத்துக்குத்தான் போகும். ஆகவே போனைக் குப்புற வைக்க வேண்டும். குப்புற வைத்தால் வெளிச்சம் கூரைக்குப் போகும். வெள்ளைச் சுவரோ தகரமோ என்றால் அறைக்குள் திரும்பி வரும். கிடுகுக் கூரையென்றால் அது வெளிச்சத்தைக் குடித்துவிடும். வெள்ளை நுளம்புவலை இருந்தால் வலைக்கு வெளியே, ஓரமாக வைத்துப் பாருங்கள், வலை முழுக்க ஒளிரும். விழித்திருக்கிறவருக்கு இதுவே போதும்.

ஆனால் நித்திரையில் இருக்கிறவரை வெளிச்சம் பெரும்பாலும் எழுப்பாது. அவுஸ்திரேலியாவில் விக்டோரியாப் பல்கலைக்கழகத்தில் டொறத்தி புறக்கும் இயன் தோமசும் புகை எச்சரிக்கைக் கருவிகளை வைத்து, செவிக்குறைபாடு உள்ளவர்களை நித்திரையில் சோதித்தார்கள். மின்னும் வெளிச்சத்துக்கு எழுந்தவர்கள் மிகக் குறைவு. கட்டிலை உலுக்கும் கருவிக்கு அதைவிடக் கூடுதலானோர் எழுந்தார்கள். அவர்கள் பாவித்தது போனின் குட்டி விளக்கைவிட எவ்வளவோ பலமான வெளிச்சம். அதுவே எழுப்பவில்லை என்றால், பிளாஷை நம்பி நாலு மணிக்கு எழும்பலாம் என்று நான் அந்த அம்மாவிடம் சொல்லியிருக்கக் கூடாது.

ஆகவே இரவுக்கு அதிர்வுதான். அதிலும் இடம் முக்கியம். சீமெந்து நிலம் கனமானது. போன் அதன்மேல் அதிர்ந்தால் நிலம் அசையாது, பாயில் படுத்திருக்கிற உடம்புக்கு ஒன்றும் வந்து சேராது. பஞ்சு மெத்தையும் அதிர்வை விழுங்கிவிடும். தலையணைக்குக் கீழே வைப்பது பலருடைய பழக்கம். சாஜ் போட்டபடி அப்படி வைக்கவே வேண்டாம், சூடு வெளியேற வழியில்லை. சாஜ் இல்லாமல், தலையணை உறைக்குள்ளே, கன்னம் படுகிற பக்கமாக வைத்தால் ஓரளவு பலன் உண்டு. தடித்த சிலிக்கன் கவரை இரவில் கழற்றிவிடுங்கள், அதுவும் அதிர்வைக் குறைக்கிறது.

இதைவிட நல்லது கையில் கட்டும் பட்டி. புளூடூத்தில் போனோடு இணைந்து மணிக்கட்டில் அதிரும். எலும்பு தோலுக்குக் கிட்ட இருக்கிற இடம் என்பதால் சிறிய அதிர்வும் தெரியும். பட்டியை வாங்கும்போது கடைக்காரரை வட்ஸ்அப்பில் அழைக்கச் சொல்லிப் பாருங்கள். சில பட்டிகள் சாதாரண அழைப்புக்குத் தொடர்ந்து அதிரும், வட்ஸ்அப் அழைப்புக்கோ ஒருதரம் மட்டும் அதிர்ந்து நின்றுவிடும். வெளிநாட்டிலிருந்து வருவதெல்லாம் வட்ஸ்அப்பில்தானே.

இனி அதிர்வின் கோலம். நம் தோல் தொடர்ச்சியான அதிர்வை விரைவில் மறந்துவிடும். நீர் இறைக்கும் மோட்டர்க் குழாயில் கை வைத்தால் கொஞ்ச நேரத்தில் அதிர்வே தெரியாமல் போவது போல. விட்டுவிட்டு வரும் அதிர்வுதான் ஒவ்வொருமுறையும் புதிதாகத் தெரியும். ஆகவே நீண்ட அதிர்வு, இடைவெளி, மறுபடி நீண்ட அதிர்வு என்ற கோலத்தைத் தெரிவுசெய்யுங்கள். சாம்சுங்கில் Sounds and vibration உள்ளே Call vibration என்ற இடத்தில் பல கோலங்கள் இருக்கும், ஒவ்வொன்றையும் உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். ஐபோனில் சாதாரண அழைப்புக்கு நீங்களே திரையில் தட்டி உங்கள் கோலத்தைப் பதிவுசெய்யலாம், அதை ஒரு ஆளுக்கென்று தனியாகவும் வைக்கலாம்.

மகளை மற்றவர்களிடமிருந்து பிரித்தறிய அன்ட்ரொயிட் வட்ஸ்அப்பிலேயே வழி உண்டு. மகளின் பெயரைத் திறந்து, Notifications உள்ளே Use custom notifications என்பதைப் போட்டு, அழைப்புக்குரிய Vibrate இடத்தில் Long வையுங்கள். பிறகு வட்ஸ்அப்பின் பொதுவான Settings உள்ளே Notifications போய், மற்ற எல்லாருடைய அழைப்புக்கும் Short. செய்திகளுக்கும் குழுக்களுக்கும் Off. இந்தக் கடைசியை நான் மிகவும் வற்புறுத்துவேன். கோயில் குழு, பழைய மாணவர் குழு என்று நாள் முழுக்க அதிர்ந்துகொண்டிருந்தால் உடம்பு அதைக் கணக்கில் எடுக்காமல் விட்டுவிடும். பிறகு மகள் எடுத்தாலும் அதுவும் குழுச் செய்தியென்றே போகும்.

ஒரு சிறிய இடத்தில் பலர் தடுமாறுகிறார்கள். மணி ஒலிக்கும் நிலையில் போன் இருந்தால் பல சாம்சுங் போன்களில் அதிர்வு தானாக வராது. Vibrate while ringing என்று ஒன்று இருக்கிறது, அதைத் தனியாகப் போட வேண்டும். அந்த அம்மாவின் போனில் அது போடாமலே கிடந்தது.

எல்லாம் சரிபார்த்தும் நாலு மணி அழைப்பு மட்டும் தவறியது. பகலில் கடையில் அழைத்தால் அதிரும், இரவில் அதிராது. இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, Do Not Disturb இரவில் தானாக விழுந்துவிடும், திரையின் மேலே வட்டத்துக்குள் ஒரு கோடு தெரியும். அவருடையதில் அது இல்லை. மற்றது, நெடுநேரம் தொடாமல் கிடந்த போன் பற்றரியை மிச்சம் பிடிக்க வட்ஸ்அப்பை உறங்கவைத்துவிடும். இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி. போனை ஒரு மணித்தியாலம் தொடாமல் வையுங்கள். பிறகு முதலில் வட்ஸ்அப்பில் எடுங்கள், அடுத்து சாதாரண அழைப்பு எடுங்கள். முதலாவது வராமல் இரண்டாவது மட்டும் வந்து, வட்ஸ்அப்பைத் திறந்ததும் தவறிய அழைப்பென்று காட்டினால் இதுதான் காரணம். போனின் Settings உள்ளே Apps, அதற்குள் வட்ஸ்அப், அதன் Battery பகுதியில் Unrestricted என்று மாற்றுங்கள். அந்த அம்மாவின் போனில் இதைத்தான் மாற்றினேன்.

பகல் வேளையில் குசினியில் நிற்கும்போது போனைக் கண்ணுக்கு நேரே தட்டில் குப்புற வைத்தால் பிளாஷ் நன்றாக உதவும். முற்றத்து வெயிலில் தெரியவே தெரியாது, அங்கே மடியில் செருகிய போனின் அதிர்வு அல்லது பட்டிதான். புத்தக மட்டை போன்ற கவர் பிளாஷை மறைக்கிறதா என்று பாருங்கள். சாஜ் மிகவும் குறைந்தால் பல போன்களில் பிளாஷ் வேலை செய்யாது, ரோச் எரிந்துகொண்டிருந்தாலும் அப்படித்தான். லாண்ட்மாஸ்ரர் ஓட்டுகிறவருக்கு இந்த இரண்டு வழியும் சரிவராது. இயந்திரத்தின் அதிர்வு போனின் அதிர்வை மூடிவிடும். அவரை அழைக்கிறவர்கள் நேரம் பேசி வைத்துக்கொள்ளட்டும்.

தலையில் ஷெல் துண்டோடு வாழ்கிறவர்கள் எங்களுக்குள்ளே இருக்கிறார்கள், சிலருக்கு வலிப்பும் வருவதுண்டு. மின்னும் வெளிச்சம் சிலருக்கு வலிப்பைத் தூண்டும். போனே அந்த செற்றிங்கின் கீழ் எச்சரிக்கை எழுதியிருக்கிறது. வலிப்பு உள்ளவர் இருக்கிற வீட்டில், போன் யாருடையதாக இருந்தாலும் பிளாஷைப் போட முன்னர் வைத்தியரிடம் கேளுங்கள். அதுவரை அதிர்வை மட்டும் வையுங்கள்.

அந்த அம்மா போன கிழமை பட்டியைக் காட்ட வந்தார், மணிக்கட்டில் மிகவும் தளர்வாகக் கட்டியிருந்தார். ஒரு விரல் மட்டும் நுழையும் அளவுக்கு இறுக்கிவிட்டேன். அங்கே கடையிலிருந்தே மகளுக்குக் குரற்செய்தி அனுப்பினார். "நாலு மணிக்கு எடு பிள்ளை, உடன வைக்காத, கொஞ்ச நேரம் அடிக்க விடு."